கல்லீரல் சுருக்கத்தில் இரத்தம் ஏன் கசிகிறது, ஏன் உறைகிறது? கேள்விகளும் பதில்களும்

அப்பாவுக்குக் கல்லீரல் சுருக்கம். கை லேசாக இடித்தாலே ஊதாவாகக் கன்றிவிடுகிறது. ஆனால் "இரத்தக் குழாயில் அடைப்பும் வரலாம்" என்கிறார் மருத்துவர். எதை நம்புவது?

இரண்டையும் நம்புங்கள். இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கல்லீரல்தான் செய்கிறது. அந்த உறைதல் எல்லை மீறிப் பரவாமல் தடுக்கும் புரதங்களையும் அதே கல்லீரல்தான் செய்கிறது. ஒரே பட்டறையிலிருந்து பூட்டும் வருகிறது, சாவியும் வருகிறது. பட்டறை நொடித்துப்போனால் இரண்டின் வரத்தும் குறையும்.

நகைக்கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமானவரின் இரத்தத்தில் இரண்டு தட்டிலும் நிறைய எடை இருக்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் முள் பெரிதாக அசையாது. கல்லீரல் சுருங்கியவருக்கு இரண்டு தட்டிலும் சில குன்றிமணிகள்தான் மிச்சம். முள் நடுவில்தான் நிற்கிறது, ஆனால் ஒரு குன்றிமணி இந்தப் பக்கம் விழுந்தால் இரத்தம் கசியும், அந்தப் பக்கம் விழுந்தால் உறையும். இந்த நோயாளிகளின் இரத்தம் வெறுமனே "நீர்த்துப்போன" இரத்தம் என்று மருத்துவர்களாகிய நாங்கள் பல பத்தாண்டுகள் நினைத்திருந்தோம். அது தவறு என்று தெரிந்த பிறகும் அந்தப் பழைய எண்ணம் வார்டுகளை விட்டு முழுதாகப் போகவில்லை. இந்தப் பக்கத்தை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

எவை குறைகின்றன, எவை கூடுகின்றன? கொஞ்சம் புரியும்படி சொல்லுங்கள்.

உறைதல் காரணிகளுக்கு ரோமன் எண்களில் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் இரண்டு, ஐந்து, ஏழு, ஒன்பது, பத்து, பதினொன்று ஆகியவை கல்லீரலின் சரக்கு. நோய் முற்ற முற்ற இவை குறைகின்றன. எல்லாவற்றுக்கும் முன்னதாக விழுவது ஏழாம் காரணி. அதன் ஆயுள் சில மணி நேரம்தான் என்பதால், தயாரிப்பு தடுமாறினால் இரத்தத்தில் உடனே தெரிந்துவிடும்.

எதிர்த் தட்டில் இருப்பவை புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ரோம்பின் என்ற மூன்று. உறைதல் ஓர் அளவோடு நிற்க வேண்டும் என்று பிரேக் போடுபவை இவை. இவையும் கல்லீரலின் சரக்குதான், இவையும் குறைகின்றன. முற்றிய நோயில் புரோட்டீன் சி இயல்பு அளவில் பாதிக்கும் கீழே போய்விடும்.

இதோடு முடிந்திருந்தால் கதை எளிது. எட்டாம் காரணி மட்டும் விதிவிலக்கு. அதைச் செய்வது கல்லீரலின் முக்கிய உயிரணுக்கள் அல்ல, இரத்தக் குழாய்களின் உள்சுவரில் இருக்கும் உயிரணுக்கள். அதனால் கல்லீரல் நோயில் அது குறைவதில்லை, கூடவே செய்கிறது. அதோடு சேர்ந்து பயணிக்கும் வான் வில்பிராண்ட் காரணி என்ற ஒட்டும் புரதமும் பல நோயாளிகளிடம் இரண்டு மூன்று மடங்காகிவிடுகிறது. தட்டணுக்களைக் காயத்தின் மேல் பிடித்து ஒட்டவைப்பது இதன் வேலை. எட்டாம் காரணி கூடி, அதை அடக்க வேண்டிய புரோட்டீன் சி குறைந்து நிற்கும் இந்த இணைதான் உறைவு பக்கம் சாய்வதற்கு முதல் காரணம்.

என் கணவரின் அறிக்கையில் ஐஎன்ஆர் 1.9 என்று வந்திருக்கிறது. இரத்தம் உறைய இரண்டு மடங்கு நேரம் ஆகிறது என்றுதானே பொருள்?

அந்தச் சோதனைக் குழாயில், ஆம். அவருடைய உடலில் அப்படிச் சொல்ல முடியாது. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆய்வகத்தில் நடப்பதைப் பாருங்கள். இரத்தத்தைச் சுழற்றி, சிவப்பணுக்களும் தட்டணுக்களும் அடியில் படிந்த பிறகு, மேலே நிற்கும் வைக்கோல் நிறத் தெளிவை மட்டும் எடுக்கிறார்கள். அதுதான் பிளாஸ்மா. அதில் உறைதலைத் தூண்டும் ஒரு பொருளையும் கால்சியத்தையும் சேர்த்து, கெட்டியாக எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுகிறார்கள். ஆர்மண்ட் குவிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1935-இல் வகுத்த முறை இது. ஆரோக்கியமானவருக்குப் பன்னிரண்டு வினாடி போல ஆகும். அந்த வினாடிக் கணக்கிலிருந்துதான் ஐஎன்ஆர் என்ற விகிதம் பிறக்கிறது.

இப்போது அந்தக் குழாயில் என்னென்ன இல்லை என்று பாருங்கள். தட்டணுக்கள் இல்லை. இரத்தக் குழாயின் உள்சுவர் இல்லை. புரோட்டீன் சி விழித்தெழுந்து வேலை செய்ய வேண்டுமானால் அந்த உள்சுவரில் உள்ள த்ரோம்போமாடுலின் என்ற புரதம் வேண்டும். கண்ணாடிக் குழாயில் அது கிடையாது. ஆகவே பிரேக் பக்கம் குறைந்திருப்பதை இந்தச் சோதனை பார்ப்பதே இல்லை. தராசின் ஒரு தட்டை மட்டும் நிறுத்துவிட்டு "எடை குறைவு" என்று எழுதித் தருகிறது.

இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர்கள் 2005-இல் இதை நேரடியாகச் சோதித்தார்கள். கல்லீரல் சுருக்க நோயாளிகளின் பிளாஸ்மாவில் த்ரோம்போமாடுலினையும் சேர்த்து, உறைதலின் நடுநாயகமான த்ரோம்பின் எவ்வளவு உருவாகிறது என்று அளந்தார்கள். ஆரோக்கியமானவர்களின் அளவுக்கே உருவானது. ஐஎன்ஆர் அவர்களுக்கு நீண்டுதான் இருந்தது. ஆனால் உறையும் ஆற்றல் குறையவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐஎன்ஆர் என்ற அளவுகோல், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்காக உருவாக்கப்பட்டது. வார்ஃபரின் எடுப்பவருக்கு 1.9 என்றால் இரத்தம் உண்மையிலேயே ஓரளவு கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. கல்லீரல் சுருக்கத்தில் அதே 1.9 சொல்வது வேறு செய்தி: கல்லீரலின் தயாரிப்புத் திறன் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை. அந்த வகையில் அது மிக மதிப்புள்ள எண். மாற்றுக் கல்லீரலுக்கான வரிசையை முடிவுசெய்யும் மெல்ட் மதிப்பெண்ணில் அது இருப்பது அதனால்தான். இரத்தம் கசியுமா என்று ஜோசியம் கேட்கத்தான் அது உதவாது.

தட்டணுக்கள் 58,000 தான் இருக்கின்றன. எங்கே போயின?

பெரும்பாலானவை மண்ணீரலுக்குள் இருக்கின்றன. கல்லீரல் தழும்பேறி இறுகும்போது, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் கல்லீரலுக்கு வரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. வடிய வழியில்லாமல் மண்ணீரல் வீங்குகிறது. இயல்பாக உடலின் தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்கியிருக்கும். பெரிதாக வீங்கிய மண்ணீரல் பத்தில் ஒன்பது பங்கைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதோடு, எலும்பு மஜ்ஜையிடம் "தட்டணு செய்" என்று சொல்லும் த்ரோம்போபோயட்டின் என்ற இயக்குநீரைப் பெருமளவு சுரப்பதும் கல்லீரல்தான். அதுவும் குறைகிறது. மது அருந்துபவராக இருந்தால் மது மஜ்ஜையையே நேராக அமுக்குகிறது.

எண்ணிக்கை குறைந்தாலும், முன்பு சொன்ன ஒட்டும் புரதம் கூடியிருப்பதால் மிச்சமிருக்கும் தட்டணுக்கள் திறமாகவே ஒட்டுகின்றன. பொதுவாக 50,000-க்கு மேல் இருந்தால் உறைதல் வேலைக்கு ஓரளவு போதும். அதற்குக் கீழே இறங்க இறங்க ஈடுகட்டும் ஆற்றல் மெலிகிறது.

அப்படியானால் தராசு சமம் என்கிறீர்கள். பிறகு ஏன் இவ்வளவு கன்றல்கள்?

நியாயமான கேள்வி. சமம் என்பது குறையில்லாத சமம் அல்ல. தோலில் தெரியும் கன்றலுக்குச் சில தனிக் காரணங்கள் இருக்கின்றன.

ஓட்டுநராக வேலை பார்த்த 54 வயது நோயாளி ஒருவரைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் மீண்டும் மீண்டும் அவரிடம் வருவேன். மதுவால் வந்த கல்லீரல் சுருக்கம், ஐஎன்ஆர் 1.9, தட்டணுக்கள் 58,000. வயிற்றில் நீர் தேங்கியதற்காக வந்து சேர்ந்தார். இரண்டாம் நாள் காலையில் அவருடைய மனைவி சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். மேல்கையைச் சுற்றி நான்கு விரல் அகலத்தில் ஒரு பட்டை. அதில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள். முந்தின நாள் இரத்த அழுத்தம் பார்க்கக் கட்டிய பட்டையின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது. ஊசி குத்திய முழங்கை மடிப்பில் ஓர் எலுமிச்சை அளவுக் கன்றல், நடுவில் கருநீலம், விளிம்பில் மஞ்சள் கலந்த பச்சை.

அந்தப் புள்ளிகள் தட்டணுக் குறைவின் வேலை. மிக நுண்ணிய குழாய்களில் அன்றாடம் விழும் விரிசல்களைத் தட்டணுக்கள்தான் அடைக்கின்றன. பட்டை இறுக்கியதும் அழுத்தம் ஏறி, அடைபடாத இடங்களில் இரத்தம் கசிந்துவிட்டது. எலுமிச்சை அளவுக் கன்றலுக்கு இன்னொரு பங்காளி உண்டு. உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் ஒரு பொருளைக் குழாய்ச் சுவர்கள் சுரக்கின்றன. அதை இரத்தத்திலிருந்து அகற்றுவது கல்லீரல். அகற்றும் வேலை மந்தமானால், ஊசித் துளையில் உருவான நல்ல உறைவுகூடச் சில நோயாளிகளிடம் சீக்கிரம் கரைந்து மறுபடி கசியும். எல்லோரிடமும் இது நடப்பதில்லை. கசிவு நின்று, சில மணி நேரம் கழித்து மீண்டும் ஊறத் தொடங்கினால் இதை நினைக்க வேண்டும்.

மூன்றாவது, மெலிவு. புரதமும் தசையும் கரைந்த கையில் தோலுக்கு அடியில் மெத்தை இல்லை. கட்டில் விளிம்பில் பட்டாலே குழாய் நசுங்குகிறது.

மார்பிலும் தோளிலும் சிவப்பாகத் தெரிபவை எல்லாம் கன்றல் அல்ல. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால்கள்போல மெல்லிய கோடுகள். ஒரு கண்ணாடித் தம்ளரின் அடியை அதன் மேல் வைத்து அழுத்துங்கள். வெளுத்துப்போய், எடுத்ததும் நடுவிலிருந்து மீண்டும் நிரம்பினால் அது விரிந்த இரத்தக் குழாய். கன்றல் என்றால் அழுத்தினாலும் நிறம் மாறாது, ஏனென்றால் அங்கே இரத்தம் குழாய்க்கு வெளியே வந்துவிட்டது.

வயிற்று நீரை எடுப்பதற்கு முன் ஐஎன்ஆரைச் சரிசெய்ய பிளாஸ்மா ஏற்றுங்கள் என்று நாங்கள் கேட்டோம். வேண்டாம் என்று விட்டார்கள். அலட்சியமா?

இல்லை, சரியான முடிவு. ஓட்டுநரின் குடும்பமும் இதையேதான் கேட்டது. அதற்கு முந்தைய மாதம் வேறொரு மருத்துவமனையில் நான்கு பை பிளாஸ்மா ஏற்றியிருந்தார்கள். ஐஎன்ஆர் 1.9-இலிருந்து 1.7 ஆனது. மறுநாள் மீண்டும் 1.9. ஏழாம் காரணியின் ஆயுள் சில மணி நேரம்தான் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஏற்றியது அதற்குள் தீர்ந்துவிடும்.

ஒரு பை ஏறத்தாழ 200 மில்லி. நான்கு பை என்றால் முக்கால் லிட்டருக்கு மேல் நீர்மம் இரத்தத்தில் சேர்கிறது. ஏற்கெனவே அழுத்தம் ஏறிய போர்ட்டல் சிரைக்கு அது இன்னும் சுமை. எண்ணைத் திருத்தப் போய், வெடிக்கக் காத்திருக்கும் குழாயின் அழுத்தத்தைக் கூட்டுகிறோம். மூச்சு முட்டுதல், ஒவ்வாமை ஆகிய ஆபத்துகள் வேறு. போதாக்குறைக்கு பிளாஸ்மாவில் உறைதல் காரணிகளோடு பிரேக் புரதங்களும் சேர்ந்தே வருகின்றன. தராசு எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நீர் எடுப்பதில் உண்மையான ஆபத்து எவ்வளவு என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் 628 நோயாளிகளுக்கு 1,100 முறை அதிக அளவில் நீர் எடுத்திருந்தார்கள். பிளாஸ்மாவோ தட்டணுவோ முன்கூட்டி ஏற்றவில்லை. ஐஎன்ஆர் 8.7 வரை இருந்தவர்களும், தட்டணு 19,000 வரை இறங்கியவர்களும் அதில் இருந்தார்கள். குறிப்பிடத்தக்க இரத்தக்கசிவு ஒருவருக்கும் இல்லை. ஓட்டுநருக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்து, வயிற்றுச் சுவரில் புடைத்த சிரைகளைத் தவிர்த்து, ஐந்து லிட்டர் எடுத்தோம். துளையில் ஒரு சிறு பஞ்சு போதுமாக இருந்தது.

மூளை, முதுகுத்தண்டு போன்ற இடங்களில் ஊசியோ கத்தியோ பட வேண்டுமானால் கணக்கு வேறு. அங்கே கொஞ்சம் கசிந்தாலும் பேராபத்து என்பதால் தட்டணு ஏற்றுவதையோ, தட்டணுவைக் கூட்டும் மாத்திரையையோ மருத்துவர் பரிசீலிப்பார். அந்த மாத்திரைகளிலும் எச்சரிக்கை தேவை. எல்ட்ரோம்போபேக் என்ற மருந்தைக் கல்லீரல் சுருக்க நோயாளிகளிடம் சோதித்தபோது போர்ட்டல் சிரையில் உறைவு கூடியதால் ஆய்வையே நிறுத்தினார்கள். தராசின் கதைக்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அம்மா திடீரென்று கிண்ணம் கிண்ணமாக இரத்த வாந்தி எடுத்தார். இரத்தம் உறையாததால்தானே இது?

இது உறைதலின் குறை அல்ல, அழுத்தத்தின் கொடுமை. போர்ட்டல் சிரையில் வழி அடைபட்ட இரத்தம் மாற்றுப் பாதை தேடி உணவுக்குழாயின் அடிப்பகுதிச் சிரைகளுக்குள் புகுகிறது. அவை இவ்வளவு இரத்தத்தைச் சுமக்கப் பிறந்தவை அல்ல. புடைத்து, சுவர் மெலிந்து, மண்புழுக்கள்போல உள்ளே துருத்தி நிற்கும். போர்ட்டல் சிரைக்கும் உடலின் பெருஞ்சிரைக்கும் இடையே அழுத்த வேறுபாடு இயல்பாக 5 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கும். 10-ஐத் தொட்டால் சிரைகள் புடைக்கத் தொடங்குகின்றன. 12-ஐத் தாண்டினால் வெடிக்கக்கூடும். ஏரிக்கரை உடைவது தண்ணீர் நீர்த்திருப்பதால் அல்லவே.

ஓட்டுநருக்கு நான்கு மாதம் கழித்து இது நடந்தது. அதிகாலையில் கருஞ்சிவப்பாக இரண்டு முறை வாந்தி, பிறகு தார்போல மலம். வந்தபோது நாடித் துடிப்பு 124, ஹீமோகுளோபின் 6.4. செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். போர்ட்டல் சிரைக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும் டெர்லிபிரசின் ஊசியை, எண்டோஸ்கோப்பிக்குக் காத்திராமல் வந்தவுடனே தொடங்கினோம். நுண்ணுயிர்க்கொல்லியும் அதோடு சேர்த்து. கல்லீரல் நோயில் இரத்தக்கசிவும் தொற்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருபவை, அதனால் இந்த ஊசியை விட்டுவிடக் கூடாது. இரத்தம் ஏற்றினோம், ஆனால் ஹீமோகுளோபின் 7 முதல் 8 வரை வந்ததும் நிறுத்தினோம். இயல்பு அளவான 13-க்குக் கொண்டுபோக வேண்டும் என்று மகன் மன்றாடினார். பார்சிலோனா மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், குறைவாக இரத்தம் ஏற்றப்பட்டவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்று அவருக்குச் சொன்னேன். ஏற்றிய ஒவ்வொரு பையும் சிரையின் அழுத்தத்தைக் கூட்டும், அடைபட்ட ஓட்டை மறுபடி திறக்கும்.

ஆறு மணி நேரத்தில் எண்டோஸ்கோப்பி. வெடித்த சிரையையும் அதன் அண்டை வீட்டாரையும் ரப்பர் வளையத்தால் சுருக்கிட்டார்கள், மொத்தம் ஐந்து வளையம். இரத்தம் நின்றது. ஐஎன்ஆர் அப்போது 2.1. அதைத் திருத்த எதுவும் செய்யவில்லை.

இத்தாலியின் பவேனோ ஊரின் பெயரைத் தாங்கிய பன்னாட்டு வல்லுநர் குழு தன் ஏழாம் அறிக்கையில், இப்படிப்பட்ட கசிவில் பிளாஸ்மா வேண்டாம் என்று தெளிவாகவே சொல்கிறது. உறைவு கரையாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலமும் அங்கே வேண்டாம் என்கிறது. வயிற்றுப் பகுதி இரத்தக்கசிவு வந்த 12,000 பேரிடம் அந்த மருந்தைச் சோதித்த ஆய்வு 2020-இல் வந்தது. உயிரிழப்பு குறையவில்லை, சிரைகளில் உறைவு மட்டும் கூடியது.

வைட்டமின் கே ஊசி போட்டால் சரியாகிவிடுமா?

எதனால் ஐஎன்ஆர் கூடியது என்பதைப் பொறுத்தது. இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து ஆகிய காரணிகளைக் கல்லீரல் செய்து முடித்த பிறகு, கடைசி மெருகு போட வைட்டமின் கே வேண்டும். இந்த வைட்டமின் கொழுப்பில் கரைவது, குடலில் பித்தநீர் இருந்தால்தான் உடலில் ஏறும்.

பித்தக் குழாயில் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்த ஒரு பெண்ணுக்கு ஐஎன்ஆர் 3.2 இருந்தது. 10 மில்லிகிராம் வைட்டமின் கே சிரை வழியாகக் கொடுத்தோம். மறுநாள் 1.3. அவருடைய பட்டறை நன்றாகத்தான் இருந்தது, மெருகுப் பொடிதான் தீர்ந்திருந்தது. ஓட்டுநருக்கு மூன்று நாள் கொடுத்தும் 1.9 என்பது 1.8 ஆனது, அவ்வளவுதான். அங்கே பட்டறையே பழுது. காமாலை, நீண்ட நாள் பட்டினி, பல வாரம் நுண்ணுயிர்க்கொல்லி என்று ஏதாவது இருந்தால் கொடுத்துப் பார்ப்பதில் பொருள் உண்டு. பதில் ஒரே நாளில் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் மாதக்கணக்கில் தொடர்வதால் பயனில்லை.

இரத்தக்கசிவு வந்தவருக்கே இப்போது "இரத்தம் உறையாமல் இருக்க" ஊசி எழுதியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயப்படுவது இயல்பு. ஓட்டுநரின் மனைவியும் அந்தச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து இதே கேள்வியைத்தான் கேட்டார். வளையம் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. வயிற்று நீர் திடீரென்று கூடியதால், குழாயில் இரத்தம் ஓடுவதைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். போர்ட்டல் சிரையின் தண்டில் பாதி விட்டத்துக்கு மேல் உறைவு.

அங்கே ஏன் உறைந்தது என்பதற்கு விடை இந்தப் பக்கம் முழுவதும் சிதறிக் கிடக்கிறது. எட்டாம் காரணி கூடி, புரோட்டீன் சி குறைந்திருக்கிறது. அதோடு, இறுகிய கல்லீரலின் முன்னால் இரத்தம் ஊர்ந்து போகிறது. ஓடும் நீரில் பாசி பிடிக்காது, தேங்கிய குட்டையில் பிடிக்கும். இந்த உறைவு அப்படியே இருந்தால் போர்ட்டல் அழுத்தம் இன்னும் ஏறும், உணவுக்குழாய்ச் சிரைகள் இன்னும் புடைக்கும். அதாவது உறைவே அடுத்த இரத்தக்கசிவுக்கு வழி வெட்டுகிறது. உறைவைக் கரைய விடுவது இரத்தக்கசிவைத் தடுக்கும் வேலையும்தான். முதலில் எண்டோஸ்கோப்பி செய்து, சிரைகள் சுருங்கிவிட்டனவா என்று உறுதிசெய்துகொண்டு, உறைதலைத் தடுக்கும் குறை மூலக்கூறு எடை ஹெப்பாரின் ஊசியைத் தொடங்கினோம். ஆறு மாதத்தில் பாதை பெருமளவு திறந்தது. எல்லோருக்கும் திறப்பதில்லை. தட்டணு மிகக் குறைவாக இருந்தாலோ, அடிக்கடி கீழே விழுபவராக இருந்தாலோ இந்த முடிவு எளிதல்ல.

வார்ஃபரின் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். வார்ஃபரினை ஐஎன்ஆர் 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்துத்தான் அளவு பார்ப்பார்கள். மருந்து தொடாமலேயே 1.9-இல் நிற்பவருக்கு எதை வைத்து அளப்பது? புதிய வகை மாத்திரைகள் நோயின் தொடக்க நிலையில் பயன்படுகின்றன, முற்றிய நிலையில் தவிர்க்கப்படுகின்றன.

"ஐஎன்ஆர் கூடியிருக்கிறது, அதனால் காலில் உறைவு வராது" என்ற நம்பிக்கையையும் இங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அதை வழக்கமான நீர் வீக்கம் என்று ஒதுக்காமல் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

நன்றாக இருந்தவர் ஒரு வாரத்தில் ஊசி போட்ட இடமெல்லாம் கசிய ஆரம்பித்துவிட்டார். என்ன மாறியது?

பெரும்பாலும் தொற்று, அல்லது சிறுநீரகம். வயிற்று நீரிலோ சிறுநீரிலோ நுரையீரலிலோ கிருமி புகுந்தால், குழாய்ச் சுவர்களிலிருந்து ஹெப்பாரினைப் போன்ற பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. சிறுநீரகம் சோர்ந்தால் யூரியா கூடி, தட்டணுக்கள் ஒட்ட மறுக்கின்றன. குன்றிமணித் தராசில் இது கல் விழுந்ததுபோல. அந்த நேரத்தில் பை பையாக பிளாஸ்மா தேடி அலைவதைவிட, வயிற்று நீரில் ஒரு சிறு குழாய் எடுத்து வெள்ளையணு எண்ணிப் பார்ப்பதும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்ப்பதும் முதல் வேலை. தொற்று அடங்கினால் கசிவும் அடங்குவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

மூட்டுவலிக்கு மாத்திரை, பல் பிடுங்குவது – இவற்றில் என்ன கவனம்?

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். மிச்சமிருக்கும் தட்டணுக்களின் ஒட்டும் திறனைக் கெடுப்பதோடு சிறுநீரகத்தையும் அடிக்கும். பாராசிட்டமால் மருத்துவர் சொன்ன குறைந்த அளவில், பொதுவாக நாளுக்கு 2 கிராமுக்குள், பாதுகாப்பானது. இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தக் கூடாது, கேட்டுச் செய்ய வேண்டும்.

பல் பிடுங்குவதற்கு முன் நோயைப் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். குழியில் தையல், உறைய உதவும் பஞ்சு, டிரானெக்ஸாமிக் அமிலம் கலந்த கொப்பளிப்பு நீர் ஆகியவை பெரும்பாலும் போதும். இரத்த வாந்திக்கு உதவாத அதே மருந்து இங்கே உதவுகிறது, ஏனென்றால் இங்கே குழாயில் பேரழுத்தம் இல்லை, எச்சிலில் உறைவு கரைவதுதான் தொல்லை.

எப்போது விடியும்வரை காத்திருக்கக் கூடாது?

இரத்த வாந்தி, காபித்தூள் நிறத்தில் வாந்தி, தார்போலக் கறுத்து ஒட்டும், கெட்ட வாடை வீசும் மலம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் அது ஒட்டாது, அந்த வாடையும் இருக்காது. எழுந்து நின்றதும் கண் இருட்டுவது, குழறிப் பேசுவது, நாளை நேற்று என்று குழப்புவது ஆகியவையும் அதே அவசரம்தான். குடலுக்குள் இறங்கிய இரத்தம் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவைப் பழுதான கல்லீரலால் அகற்ற முடியாமல் மூளை மயங்குகிறது. வெளியே ஒரு துளி இரத்தமும் தெரியாமல், இந்தக் குழப்பம் மட்டுமே முதல் அறிகுறியாக வரலாம். ஓட்டுநருக்கு அன்று வாந்திக்கு முந்தின இரவே அது இருந்திருக்கிறது. சாப்பாட்டுத் தட்டில் கை கழுவாமல், தண்ணீர்ச் செம்பைத் தட்டில் கவிழ்த்திருக்கிறார். தூக்கக் கலக்கம் என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள்.